மோட்டார் தண்ணிய இழுக்கறதில்ல, காத்துதான் தள்ளுது: 31 அடியில நின்னுபோன ஒரு கெணறு

பங்குனி பொறந்தாலே எங்க பக்கம் ஒரே மாதிரி போன் வரும். "கெணத்துல தண்ணி கீது, மோட்டாரும் ஓடுது, ஆனா தண்ணி ஏறல, வந்து பாரு." வேலூர் பக்கம் அணைக்கட்டு, ஒடுகத்தூர் சுத்துவட்டாரத்துல பம்ப் ஃபிட்டிங் வேல செய்றவன் நான், இந்த போனுக்கு போயி பாத்தா பாதி எடத்துல பைப் அடியில தண்ணி திரும்ப எறங்காம தடுக்கற ஃபுட்வால்வ் பழுதா இருக்கும், இல்லன்னா கெணத்துல இருந்து பம்புக்கு தண்ணி வர்ற சக்ஷன் பைப் ஜாயின்ட்ல ஏர் புடிச்சிகினு இருக்கும். மீதி பாதியில மோட்டார்ல ஒரு கொறையும் இருக்காது, பைப்புலயும் இருக்காது, தண்ணி மட்டம் மோட்டார விட்டு ரொம்ப கீழ போயிருக்கும், அவ்ளோதான். இந்த ரெண்டாவது வகைய யாரும் லேசுல ஒத்துக்க மாட்டாங்க. "கண்ணுக்கு தெரியிற தண்ணிய ஒரு மோட்டாரால இழுக்க முடியலன்னா அது இன்னா மோட்டாரு"ன்னு கேப்பாங்க. கேள்வி ஞாயமானதுதான், அதுக்கு பதில் தெரிஞ்சிகினா நெறைய காசு மிச்சம், அதனாலதான் எங்க மாமா கெணத்து கதைய கொஞ்சம் விவரமா எழுதறேன்.

மாமா கெணறு 48 அடி ஆழம். மேல ஒரு 20 அடி மண்ணு, கல்லு கட்டடம், அதுக்கு கீழ பாறை. மோட்டார் கொட்டா கெணத்து ஓரத்துலயே, தரை மட்டத்துல. 5 எச்பி மோனோபிளாக், 3 இஞ்ச் சக்ஷன் பைப், கீழ ஃபுட்வால்வ். மழை காலத்துல தண்ணி 10 அடிக்கே வந்து நிக்கும். தை மாசம் வரைக்கும் 18, 20 அடியில இருக்கும், அதுவரைக்கும் ஒரு தொல்லையும் கெடையாது, வாய்க்கா நெறைய தண்ணி. மாசி கடைசியில 24 அடிக்கு எறங்கனப்ப தண்ணி கொஞ்சம் கொறஞ்சிது. பங்குனியில 27 அடிக்கு போனப்ப பம்புக்குள்ள கூழாங்கல்ல போட்டு உருட்டற மாதிரி ஒரு கடகட சத்தம், தண்ணி பாதி கூட வரல.

மாமா நேரா டவுனுக்கு போயி 7.5 எச்பி மோட்டார் வாங்கிகினு வந்துட்டாரு. கடைக்காரரும் "பெரிய மோட்டாரா போட்டா இழுத்துடும்"னு சொல்லி குடுத்துட்டாரு. மாட்டி பாத்தா தண்ணி கூடல, சத்தம்தான் கூடிச்சி. சித்திரையில தண்ணி இன்னும் எறங்கனதும் சுத்தமா நின்னு போச்சி. ஸ்டார்ட்டர அழுத்தினா ஒரு வாய் தண்ணிய கக்கும், அப்பறம் மோட்டார் சும்மா சுத்தும். கெணத்துல இன்னமும் 17 அடி தண்ணி கெடக்குது, வாழை காயுது.

நான் போனதும் மொதல்ல மோட்டார தொடல. கயித்துல ஒரு கல்ல கட்டி, பம்போட நடு மட்டத்துல இருந்து தண்ணி மேல் மட்டம் வரைக்கும் அளந்தேன். தரையில இருந்து அளக்கக் கூடாது, கெணத்து ஆழத்தையும் அளக்கத் தேவையில்ல, ஃபுட்வால்வ் எவ்ளோ கீழ இருக்குதுன்றதும் இதுல கணக்கு கெடையாது. பம்போட நடு, தண்ணியோட மேல் மட்டம், இந்த ரெண்டுக்கும் நடுவுல நேர் ஒசரம் எவ்ளோ, அது மட்டும்தான் சங்கதி. 31 அடி வந்துது. எனக்கு அப்பவே தெரிஞ்சி போச்சி. ஆனா மாமா நம்பணுமே.

அதனால ரெண்டு பரிசோதன செஞ்சேன். மொதல்லது ரொம்ப சுலபம், வீட்ல யாரு வேணா செய்யலாம். மோட்டார் தண்ணி வராம சுத்திகினு இருக்கறப்ப நிறுத்திட்டு, மேல இருக்கற புனல்ல தண்ணி ஊத்தி பாருங்க. ஃபுட்வால்வ் லீக்கா இருந்தா பைப்புல இருந்த தண்ணி மொத்தமும் கெணத்துக்கு எறங்கியிருக்கும், கொடம் கொடமா ஊத்தினாலும் குடிச்சிகினே இருக்கும். மாமா பம்புல கொஞ்சம் ஊத்தின உடனே நெறஞ்சி வழிஞ்சிது. அப்படின்னா பைப் முழுக்க தண்ணி நிக்குது, ஃபுட்வால்வ் நல்லா இருக்குது. ஓட்டினா மட்டும் அறுந்து போவுது.

ரெண்டாவது, சக்ஷன் பக்கம் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டினேன். இது பெரிய வெல கெடையாது, ஆனா ஊர்ல மெக்கானிக் நெறைய பேரு வெச்சிக்க மாட்டாங்க, ஏன்னு எனக்கு இன்னிக்கும் புரியல, டாக்டருங்க ஸ்டெதாஸ்கோப் இல்லாம வர்ற மாதிரி. இந்த கேஜ் பாதரச மில்லிமீட்டர் கணக்குல காட்டும். தண்ணி வராதப்ப முள்ளு கீழயே, 100, 200ன்னு கெடந்தா எங்கியோ காத்து உள்ள பூருதுன்னு அர்த்தம், கிளாண்டயும் ஃபிளாஞ்ச் வாஷரயும் பாக்கணும். முள்ளு மேல போயி நின்னுகினு தண்ணி மட்டும் வரலன்னா ரெண்டே காரணம்தான், ஒன்னு ஃபுட்வால்வ் அடச்சிகினு இருக்கணும், இல்ல ஒசரம் மீறி போயிருக்கணும். மாமா பம்புல 680, 690ல முள்ளு ஆடிச்சி. ஃபுட்வால்வ மேல தூக்கி பாத்தோம், அடைப்பு இல்ல. மிச்சம் இருக்கறது ஒசரம்தான்.

இப்ப காரணத்துக்கு வரேன். பம்பு தண்ணிய இழுக்கறதுன்னு நாம சொல்றோம், ஆனா தண்ணிய புடிச்சி இழுக்க பம்புக்கு அங்க கொக்கியா இருக்குது? பம்பு செய்றது ஒன்னுதான், பைப்புக்குள்ள தன் வாய்கிட்ட இருக்கற தண்ணிய வெளிய வீசிட்டு அந்த எடத்துல அழுத்தத்த கொறைக்குது. கெணத்துல தண்ணிக்கு மேல நம்ம தலைக்கு மேல இருக்கற காத்து மொத்தமும் ஒக்காந்துகினு அழுத்திகினே இருக்குது. ஒரு சதுர சென்டிமீட்டர் எடத்துல சுமார் 1 கிலோ எடை. பைப்புக்குள்ள அழுத்தம் கொறஞ்சதும், வெளிய இருக்கற காத்து கெணத்து தண்ணிய அமுக்கி பைப்புல மேல ஏத்துது. வேல செய்றது காத்துதான், பம்பு வழி விடுது, அவ்ளோதான்.

காத்து எவ்ளோ தூரம் ஏத்தும்? ஒரு சதுர சென்டிமீட்டர் அகலத்துல 10 மீட்டர் ஒசரத்துக்கு தண்ணி நின்னா அதோட எடை சரியா 1 கிலோ. காத்தோட 1 கிலோவும் தண்ணியோட 1 கிலோவும் சமமா போச்சின்னா அதுக்கு மேல தள்ள காத்துகிட்ட பலம் இல்ல. பைப்புக்குள்ள அழுத்தத்த சுத்தமா இல்லாம ஆக்கினாலும் அவ்ளோதான், இல்லாததுக்கு கீழ இன்னும் இல்லாததுன்னு ஒன்னு கெடையாது இல்லியா. பைப் ஒரு இஞ்சா இருந்தாலும் ஆறு இஞ்சா இருந்தாலும் இதே கதைதான், ஏன்னா அகலமான பைப்புல தண்ணி எடையும் கூடுது, அத தள்ற காத்தோட பலமும் அதே அளவுக்கு கூடுது. மோட்டார் 5 எச்பியா 50 எச்பியான்னு காத்துக்கு தெரியவே தெரியாது.

கடல் மட்டத்துல இந்த எல்ல 10.3 மீட்டர், அதாவது 34 அடி கிட்ட. நம்ம வேலூர் கடலுக்கு மேல 200 மீட்டர் சொச்சம் ஒசரத்துல இருக்குது, இங்க 10 மீட்டர்னு வெச்சிக்கலாம். ஆனா அந்த 10 மீட்டரும் நம்ம கைக்கு வராது. அத நான் மாமாவுக்கு கொட்டா சுவத்துல கரித்துண்டால எழுதி காட்டினேன், இங்கயும் எழுதறேன்.

கைல இருக்கறது 10 மீட்டர். தண்ணிக்கு ஒரு கொணம் உண்டு, அழுத்தம் கொறய கொறய சூடு பண்ணாமலே கொதிச்சி ஆவியாவும். கோடையில தண்ணி 30, 35 டிகிரி சூட்ல இருக்கறப்ப இதுக்குன்னு சுமார் அரை மீட்டர் கழியும், ஏன்னா பைப்புக்குள்ள வெற்றிடம் சுத்தமா உண்டாவறதுக்கு முன்னாடியே ஆவி வந்து எடத்த புடிச்சிகிது. அப்பறம் ஃபுட்வால்வ், பெண்டு, பைப்போட உள்சுவர், இதுங்கள ஒரசிகினு தண்ணி ஓடணும், அதுக்கு ஒரு மீட்டர் வெச்சிக்கோங்க, பைப் சின்னதா இருந்தா இன்னும் அதிகம். கடைசியா பம்புக்குன்னு ஒரு பங்கு. பம்புக்குள்ள சுத்தி தண்ணிய வீசற இம்பெல்லர் வாயில தண்ணி வேகமா பூர்றப்ப அந்த எடத்துல அழுத்தம் இன்னும் விழும், அப்பவும் தண்ணி ஆவியாவாம இருக்கணும்னா இந்த மாதிரி பம்புங்களுக்கு ரெண்டு, ரெண்டரை மீட்டர் மிச்சம் இருந்தாவணும். எல்லாம் கழிச்சா நிக்கறது 6 மீட்டர். 20 அடி. பழைய மெக்கானிக்குங்க "20 அடிக்கு மேல தண்ணி எறங்கினா மோட்டார கீழ எறக்கிடு"ன்னு சொல்வாங்க, அவங்க யாரும் இந்த கணக்கு போட்டு பாத்தவங்க இல்ல, ஆனா சொன்னது துல்லியமா இருக்குது.

மாமா கெணத்துல நடந்தத இப்ப இந்த கணக்குல வெச்சி பாருங்க. 20 அடி வரைக்கும் எல்லாரோட பங்கும் போதுமான அளவுக்கு இருந்துது. 24 அடின்னா 7.3 மீட்டர், 10ல அரை மீட்டரும் இந்த 7.3ம் போனா 2.2 மீட்டர்தான் ஒரசலுக்கும் பம்புக்கும் மிச்சம், முழு தண்ணிக்கு அது பத்தாது, அதனால தண்ணி தானா கொறஞ்சிது. 27 அடியில ஒன்னே கால் மீட்டர்தான் மிச்சம், இம்பெல்லர் வாயில தண்ணி ஆவியாவி நுரைச்சிகினு கடகடன்னுது. 31 அடின்னா 9.45 மீட்டர், ஆவிக்கு அரை மீட்டர் போனா மிச்சமே இல்ல. தண்ணி பம்பு வாசப்படி வரைக்கும் வருது, உள்ள கால் வெக்க தெம்பு இல்ல.

அந்த கடகட சத்தத்த சாதாரணமா விட்டுடாதீங்க. ஆவிக்குமிழி இம்பெல்லர் வாயில உண்டாவி, கொஞ்சம் தள்ளி அழுத்தம் கூடுற எடத்துக்கு போனதும் படார்னு ஒடஞ்சி சுருங்கும். சுருங்கறப்ப அந்த எடத்துல இருக்கற உலோகத்த அடிச்சி பேக்கும். மாமாவோட பழைய 5 எச்பிய பிரிச்சி இம்பெல்லர பாத்தோம், இறகோட ஆரம்பத்துல குழி குழியா அரிச்சி இருந்துது. இது உப்புத் தண்ணி அரிப்பு இல்ல, அது எல்லா எடத்துலயும் பரவி இருக்கும், இது ஒரே எடத்துல கூட்டமா இருக்கும். கோடைக்கு கோடை இப்படி ஓட்டினதோட கணக்கு அது.

7.5 எச்பி ஏன் ஒதவலன்னும் இதுலயே வெளங்கும். பெரிய மோட்டார் நெறைய தண்ணிய வீசணும்னு நிக்கும், அவ்ளோ தண்ணி அதே 3 இஞ்ச் பைப்புல வேகமா ஓடணும், வேகம் ரெண்டு பங்கானா ஒரசல் நாலு பங்காவும். அப்ப காத்துகிட்ட இருந்து ஒரசலுக்குன்னு கழியறது கூடி, ஒசரத்துக்கு மிச்சம் இன்னும் கொறையும். டெலிவரி பக்கம் பெரிய மோட்டார் பெரிய வேல செய்யும், மேல தள்ளணும்னா எச்பி கூட கூட ஒசரம் கூடும், அதுக்கு எல்ல கெடையாது. சக்ஷன் பக்கம்தான் அது செல்லாது.

இவ்ளோ சொல்லியும் மாமா ஒத்துக்கல. "டேய் மாப்ள, உங்க தாத்தா இதே கெணத்துல ரெண்டு மாட்ட பூட்டி 40 அடியில இருந்து கவலை எறச்சாரு. ரெண்டு மாடு இழுத்தத 5 எச்பி இழுக்காதா?"ன்னாரு. நெசமாவே நல்ல கேள்வி. நான் யோசிச்சி சொன்னேன், "மாமா, கவலையில தண்ணிய சாலுல மொண்டு கயித்தால தூக்கனாங்க. கயிறு கீழ போயி தண்ணிய தாங்கிச்சி. அதனால 40 அடியா 100 அடியான்னு கேள்வியே இல்ல, மாட்டுக்கு பலம் இருந்தா போதும். மோட்டாரு மேலயே ஒக்காந்துகினு தண்ணி வரட்டும்னு காத்துகினு கீது, கீழ இருந்து தூக்கிவிட அங்க ஆளு இல்ல, காத்த நம்பிதான் கீது."

தெருவுல இருக்கற அடிபம்பயும் காட்டினேன். பழைய வீட்டு அடிபம்புல லெதர் வாஷர் போட்ட சிலிண்டர் தரைக்கு மேல இருக்கும், அது 20, 25 அடிக்குள்ள தண்ணி இருந்தாதான் வரும். அரசாங்கம் போட்ட இந்தியா மார்க் 2 அடிபம்பு 100 அடிக்கு கீழ இருந்தும் தண்ணி குடுக்குதே எப்படின்னா, அதுல சிலிண்டரே போர்ல தண்ணிக்குள்ள எறக்கி வெச்சிருக்கும், மேல இருந்து நீளமான கம்பி போயி பிஸ்டன தூக்குது. அதுவும் கவலை மாதிரிதான், கீழ போயி தூக்கறது. ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே அடிபம்புதான், வேல வேற.

மாமா மவன் பிளஸ் டூ படிக்கறான், அவனுக்கு இத கண்ணால பாக்கணும்னு ஆச. ஊர் மேல்நிலைத் தொட்டி படிக்கட்டு 40 அடி ஒசரம் வரும், தொட்டிக்காரர கேட்டுகினு அங்கியே செஞ்சி பாத்தோம். கண்ணாடி மாதிரி உள்ள தெரியிற, நூல் பின்னல் வெச்ச கனமான ஓஸ் 45 அடி. சாதா ஓஸ் வேணாம், வெளிக்காத்து அமுக்கி தட்டையாக்கிடும். ஓஸ் முழுக்க குமிழி இல்லாம தண்ணி நெரப்பி, ஒரு முனையில வால்வ் போட்டு மூடிட்டு, இன்னொரு முனைய கீழ தண்ணி பக்கெட்டுல முக்கி வெச்சிட்டு, மூடின முனைய கயித்தால மெதுவா மேல இழுத்தோம். 25 அடி, 28 அடி வரைக்கும் ஓஸ் நெறைய தண்ணி, சின்ன சின்ன குமிழி மட்டும் சுவத்துல ஒட்டிகினு மேல வந்துது, அது தண்ணியில கரைஞ்சி இருந்த காத்து. 31 அடிய தாண்டினதும் தண்ணி நின்னு போச்சி. மேல இழுக்க இழுக்க ஓஸ் மட்டும் மேல போவுது, தண்ணி மட்டம் அங்கியே நிக்குது, மேல காலி எடம், அந்த எடத்துக்கு கீழ தண்ணி லேசா கொதிக்கிற மாதிரி குமிழி விடுது. ஓஸ கீழ எறக்கினதும் காலி எடம் மூடிகிச்சி, ஒரு சின்ன காத்துக்குமிழி மட்டும் மிச்சம். வால்வ் மூடி இருந்துது, பம்பே இல்ல, மோட்டாரே இல்ல, அப்பவும் அதே 31 அடி. மாமா ஒன்னும் பேசல, ஓஸயே பாத்துகினு இருந்தாரு.

இதுல வெக்கப்பட ஒன்னும் இல்லன்னு அவருக்கு ஒரு பெரிய மனுஷன் கதைய சொன்னேன். இத்தாலியில கலிலியோவுக்கே இது சரியா புடிபடல. 1638ல வந்த அவரு புஸ்தகத்துலயே இருக்குது, ஒரு பம்பு தண்ணி ஏத்தாம நின்னப்ப பழுதுன்னு நெனச்சி ஆள கூப்ட, வந்த தொழிலாளி பாத்துட்டு "பம்பு மேல தப்பு இல்ல, தண்ணி ரொம்ப கீழ போச்சி, 18 முழத்துக்கு மேல எந்த பம்பும் ஏத்தாது"ன்னு சொல்லிட்டானாம். அந்த ஊர் முழம் நம்ம முழத்த விட பெருசு. எனக்கு அந்த தொழிலாளிய ரொம்ப புடிக்கும். காரணத்த கலிலியோ, தண்ணி தன் எடை தாங்காம கயிறு அறுற மாதிரி அறுந்து போவுதுன்னு நெனச்சிட்டாரு. அவரு கடைசி காலத்துல கூட இருந்த டாரிசெல்லிதான், 1640கள்ல, தண்ணிக்கு பதிலா பாதரசத்த கண்ணாடிக் குழாயில நெரப்பி கவுத்து பாத்தாரு. பாதரசம் தண்ணிய விட 13.6 மடங்கு கனம், அதனால 10 மீட்டருக்கு பதிலா 76 சென்டிமீட்டர்லயே நின்னுது. தாங்கி நிக்கறது வெளிக்காத்தோட எடைதான்னு அப்பதான் பிடி கெடச்சிது. என் கேஜ்ல இருக்கற பாதரச மில்லிமீட்டர் கணக்கு அங்க இருந்து வந்ததுதான்.

1648ல பாஸ்கல் தன் மச்சான விட்டு அதே குழாய மலை மேல தூக்கினு போவ சொன்னாரு, மேல போவ போவ பாதரச மட்டம் எறங்கிச்சி, ஏன்னா மலை மேல காத்து கம்மி. நமக்கு இது ஏலகிரியில ஒதவும். அங்க சுமார் 1,000 மீட்டர் ஒசரத்துல இருக்கற கெணத்துல 10 மீட்டர் எல்ல 9 ஆயிடும், மத்த கழிவெல்லாம் அப்படியே இருக்கும், அப்ப கைக்கு வர்றது 5 மீட்டர்தான். கீழ வாணியம்பாடியில 20 அடியில நல்லா ஓடின அதே பம்ப மேல கொண்டு போயி வெச்சா அங்க 16, 17 அடிதான். ஜவ்வாது மலையிலயும் இதே கதைதான்.

சரி, மாமா கெணத்துக்கு இன்னா செஞ்சோம். மோட்டார எறக்கினோம். கெணத்துல 22 அடியில பாறை தொடங்கற எடத்துல ரெண்டு இரும்பு கர்டர் குறுக்கால போட்டு, அதுமேல பழைய 5 எச்பிக்கு புது இம்பெல்லர் மாட்டி வெச்சோம். வைகாசியில தண்ணி 38 அடிக்கு போனாலும் பம்புல இருந்து 16 அடிதான், எல்லைக்குள்ள நல்லாவே இருக்குது. சக்ஷன் பைப்ப 3 இஞ்சாவே விட்டோம், பெண்டு ஒன்னே ஒன்னு, அதுவும் நீளமா வளையறது. படுக்கையா வர்ற துண்டு பம்ப பாத்து லேசா ஏத்தமா இருக்கணும், நடுவுல மேடு இருந்தா அங்க காத்து தங்கிடும். ஃபுட்வால்வ் தண்ணி மட்டத்துக்கு கீழ நல்லா முங்கி இருக்கணும், தரை சேத்துலயும் படக் கூடாது.

மாமா கேட்டாரு, "கீழ எறக்கினா மேல தள்ள 22 அடி கூடுதே, 5 எச்பி தாங்குமா?" கூடல. தண்ணி மட்டத்துல இருந்து வாய்க்கா வரைக்கும் மொத்த ஒசரம் அதேதான், 31 அடின்னா மோட்டார் எங்க இருந்தாலும் 31 அடிதான். முன்ன அது மொத்தத்தையும் காத்து தலையில கட்டியிருந்தோம், இப்ப 9 அடிய காத்துகிட்டயும் 22 அடிய மோட்டார்கிட்டயும் குடுத்துட்டோம். மோட்டாருக்கு தள்றது சுலபம். அன்னிக்கே வாய்க்கா நெறைய தண்ணி வந்துது, 5 எச்பியில.

கீழ எறக்கறதுல ரெண்டு ஆபத்து இருக்குது. ஒன்னு, மழை வந்தா கெணறு நெறையும், நம்ம கெணத்துல 10 அடிக்கே வரும், மோட்டார் மூழ்கி வைண்டிங் போயிடும். அதனால டெலிவரி பைப்புல ஃபிளாஞ்ச் ஜாயின்ட் வெச்சி, மேல செயின் பிளாக் மாட்டி, புரட்டாசியிலயே மோட்டார தூக்கி பழையபடி கொட்டாவுல வெச்சிடணும். மழை ஆரம்பிச்சப்பறம் பாத்துக்கலாம்னு விட்டா ஒரே ராத்திரியில மூழ்கும். இன்னொன்னு, டீசல் எஞ்சின கெணத்துக்குள்ள எறக்கவே கூடாது. அதோட புகை கீழ தங்கும், உள்ள எறங்கற ஆள கொன்னுடும். கரண்டு மோட்டாரா இருந்தாலும் எர்த் சரியா போட்டு, மெயின அணைச்சிட்டுதான் ஆள எறக்கணும்.

ஏத்தி எறக்கற தொல்ல வேணான்றவங்க ஓபன்வெல் சம்மர்சிபிள் போட்டுக்கலாம், தண்ணிக்குள்ளயே கெடக்கும், சக்ஷன் ஒசரம்னு ஒன்னே இல்ல. மாமாவும் அந்த 7.5 எச்பிய வித்துட்டு வர்ற வருசம் அதத்தான் போடணும்னு இருக்காரு. ஜெட் மோட்டார் மேல ஒக்காந்துகினே 60, 80 அடியில இருந்து எடுக்குதேன்னு சிலரு கேப்பாங்க. அதுல ரெண்டு பைப் கீழ போவும் பாருங்க, ஒன்னுல பம்பே தண்ணிய கீழ அனுப்பி ஜெட் வழியா பீச்சி, போர் தண்ணிய அடியில இருந்து மேல தள்ளுது. அனுப்பற தண்ணியில ஒரு பங்கு சுத்திகினே இருக்கும், அதனால அதே எச்பிக்கு கெடைக்கிற தண்ணி கம்மி, வீட்டுக்கு ஆவும், வயலுக்கு ஆவாது. கம்ப்ரசரும் காத்த கீழ அனுப்பி குமிழியோட தண்ணிய மேல கொண்டு வருது. எதுவா இருந்தாலும் 10 மீட்டருக்கு கீழ தண்ணி இருந்தா ஏதாவது ஒன்னு கீழ போயாவணும்.

மோட்டார மேலயே வெச்சிருக்கறவங்க கெணத்து உள்சுவத்துல, பம்போட நடுவுல இருந்து 20 அடி அளந்து செவப்பு பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க. தண்ணி கோட்டுக்கு கீழ போயி கடகட சத்தமும் வந்துட்டா, டெலிவரி வால்வ கொஞ்சம் மூடி ஓட்டினா தண்ணி கம்மியா வந்தாலும் சத்தம் அடங்கும், 24, 25 அடி வரைக்கும் அப்படி சமாளிக்கலாம். அதுக்கு மேல எறக்கறதுதான். மோட்டார எறக்கி வெச்சப்பறம் பழைய கோடு செல்லாது, புது எடத்துல இருந்து திரும்ப அளந்து போடணும்.